பாகம் பிரிக்கும் முன் வெளிக்கடன் தீர வேண்டும்

கேள்வி: "அட்டைப்பெட்டி செய்யும் தொழிலை நண்பருடன் பாதிப் பங்கில் நடத்தி வந்தேன். பதிவு செய்த கூட்டு நிறுவனம். என் முதல் 12 இலட்சம், அவருடையது 4 இலட்சம். தொழில் தடுமாறியபோது மனைவியின் நகையை விற்று 6 இலட்சம் நிறுவனத்துக்குக் கடனாகக் கொடுத்தேன். புத்தகத்தில் என் பெயரில் கடன் என்று இருக்கிறது. இரவு பகலாக உழைத்தவன் நான். அவர் எப்போதாவது எட்டிப் பார்ப்பார். இப்போது எனக்குத் தெரியாமல் சரக்கை வேறு எடுத்துப் போகிறார். வங்கி ஓ.டி. கடன் 7 இலட்சம், அதற்கு என் வீட்டுப் பத்திரம் ஈடாக இருக்கிறது. காகிதம் கொடுத்தவர்களுக்கு 5 இலட்சம் பாக்கி. புத்தகப்படி மெஷின் 14, சரக்கு 12, வர வேண்டிய பாக்கி 6, ரொக்கம் 2 இலட்சம். 'மெஷினை நான் எடுத்துக்கொள்கிறேன், வெளிக்கடன் முழுவதையும் நானே கட்டுகிறேன், மற்றதெல்லாம் உனக்கு' என்கிறார். கையெழுத்துப் போடலாமா? என் 6 இலட்சத்தையாவது முதலில் எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லையா?"

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். 6 இலட்சத்தை முதலில் எடுக்கும் உரிமையும் உங்களுக்கு இல்லை.

நீங்கள் உழைத்தீர்கள், அவர் உழைக்கவில்லை என்பதற்குக் கணக்கில் இடம் கிடையாது. கூட்டாண்மைப் பத்திரத்தில் சம்பளம் என்று எழுதியிருந்தால் ஒழிய, பங்குதாரரின் உழைப்புக்கு ஊதியம் கேட்க முடியாது என்று 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 13ஆம் பிரிவில் சொல்கிறது. அவர் எடுத்துப் போன சரக்குக்குப் பில், கிடங்குப் பதிவேடு, லாரி ரசீது என்று ஏதாவது இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அதன் மதிப்பு, கலைப்பின்போது சொத்தை விற்பதில் வரும் இலாப நட்டத்தைக் காட்டும் ரியலைசேஷன் கணக்கில் வரவாகவும் அவருடைய முதல் கணக்கில் பற்றாகவும் ஏறும். அதைத் தாண்டி அந்த மனக்குறையை வைத்து நீதிமன்றத்தில் எதையும் வாங்க முடியாது.

உங்கள் வழக்கைத் தீர்மானிப்பது 48ஆம் பிரிவு. சொத்தை விற்று வரும் பணம் முதலில் வெளியாருக்குப் போக வேண்டும். பிறகுதான் பங்குதாரர் நிறுவனத்துக்குக் கொடுத்த கடன், அதன் பிறகு முதல், அதற்கும் மேல் மிஞ்சினால் இலாபப் பங்கு. உங்கள் 6 இலட்சம் கடன்தான், ஆனால் பங்குதாரரின் கடன். வங்கிக்கும் காகிதக்காரருக்கும் பின்னால்தான் அது நிற்கும். சில கணக்கர்கள் இதையும் வெளிக்கடன்களோடு சேர்த்து ரியலைசேஷன் கணக்கில் தள்ளிவிடுகிறார்கள். அது தவறு. பங்குதாரரின் கடன் அந்தக் கணக்குக்குள் போகாமல் தனியே நிற்கும். வெளியார் தீர்ந்த பிறகு ரொக்கத்திலிருந்து நேராகத் தீர்க்கப்படும்.

இப்போது உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம். தொழில் நின்றபின் எந்தச் சொத்தும் புத்தக விலைக்குப் போகாது. மெஷின் 8, சரக்கு 7, வர வேண்டிய பாக்கியில் 4 இலட்சம் தேறுகிறது என்று வையுங்கள். புத்தகத்தில் 32 இலட்சமாக இருந்தது 19 ஆகிவிட்டது. விற்பனைச் செலவு 1 இலட்சம் சேர்த்தால் நட்டம் 14. ஆளுக்கு 7. உங்கள் முதல் 12இலிருந்து 5க்கு இறங்குகிறது. அவருடைய 4 தீர்ந்துபோய், அவர் 3 இலட்சம் நிறுவனத்துக்குக் கட்ட வேண்டியவராகிறார். கையில் உள்ள ரொக்கம், பழைய 2 இலட்சத்தோடு, செலவு போக 20 இலட்சம். வெளிக்கடன் 12 போனால் 8 மிச்சம். அதில் உங்கள் கடன் 6 தீரும், முதல் கணக்கில் 2 கிடைக்கும். உங்களுக்கு வர வேண்டிய இன்னும் 3 இலட்சம் அவருடைய பையிலிருந்துதான் வர வேண்டும். சட்டப்படி உங்களுக்கு 11. கைக்கு நிச்சயமாக வருவது 8.

அவர் சொல்லும் பேச்சை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சரக்கு, வர வேண்டிய பாக்கி, ரொக்கம் மூன்றும் சேர்ந்து உங்களுக்கு 13 இலட்சம் வருகிறது. சட்டம் கொடுப்பதைவிட 2 அதிகம். அவருக்கு 8 இலட்சம் பெறும் மெஷின், தலையில் 12 இலட்சம் கடன். ஏற்கெனவே 3 இலட்சம் கட்ட வேண்டிய ஒருவர், அதைவிட மோசமான ஒப்பந்தத்தைத் தானாகவே ஏன் நீட்டுகிறார்? அந்த 12 இலட்சத்தைக் கட்டும் எண்ணம் இருந்தால் நீட்ட மாட்டார். மெஷின் விற்ற 8 இலட்சத்தோடு அவர் நடையைக் கட்டிவிட்டால், மீதியை வங்கி யாரிடம் கேட்கும் என்று யோசியுங்கள்.

என் கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்ப விழும் குழி இதுதான். 'வெளிக்கடன்களை இன்னார் ஏற்றுக்கொள்கிறார்' என்று கலைப்புப் பத்திரத்தில் ஒரு வரி எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, சாட்சியும் போட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று வீட்டுக்குப் போகிறார்கள். அந்த வரி உங்கள் இருவரை மட்டுமே கட்டும். கடன் கொடுத்தவர் அதில் கையெழுத்திடவில்லை. அவரை அது கட்டாது. நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் முழுத்தொகைக்கும் பொறுப்பு என்பது 25ஆம் பிரிவு. கடன் கொடுத்தவர் யாரிடம் எளிதாகத் தேறுமோ அவரிடம்தான் வருவார். உங்கள் விஷயத்தில் வீட்டுப் பத்திரமே வங்கியின் பீரோவில் இருக்கிறது. ஓ.டி. வாராக்கடனானதும், ஈடான சொத்தை வங்கியே கைப்பற்ற வழிசெய்யும் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் வரும். அப்போது கலைப்புப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளை மேலாளரிடம் போனால், 'அது உங்கள் இருவருக்குள் உள்ள விவகாரம்' என்பார். அவர் சொல்வது சரி. வீட்டைக் காப்பாற்ற நீங்கள் பணத்தைக் கட்டிவிட்டு, நண்பர் மேல் வழக்குப் போட்டு வசூலிக்க வேண்டும். அதற்குள் மெஷினும் இருக்காது, அவர் பெயரில் சொத்தும் இருக்காது.

இன்னொன்று: ஓ.டி. ஆவணத்தில் சரக்கையும் மெஷினையும் வங்கிக்கு ஈடாக எழுதிக் கொடுத்திருப்பீர்கள். அநேகமாக எல்லா ஓ.டி.யிலும் அப்படித்தான். ஈடான பொருளை வங்கியைக் கேட்காமல் இருவரும் பாகம் பிரித்துக்கொண்டால், சிவில் வழக்கோடு நிற்காமல் போலீஸ் புகார் வரைக்கும் போகலாம். ஆகவே விற்பதற்கு முன் வங்கியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். விற்ற பணம் நேராக ஓ.டி. கணக்கில் ஏற வேண்டும். நிலுவை இல்லைச் சான்றும் வீட்டுப் பத்திரமும் உங்கள் கைக்கு வர வேண்டும். காகிதக்காரரிடமும் ரசீதோடு 'இனி பாக்கி இல்லை' என்று எழுதி வாங்குங்கள். ஒருவேளை நண்பர்தான் கடனை ஏற்க வேண்டும் என்று நிலைமை வந்தால், கடன் கொடுத்தவரையும் சேர்த்து மூவர் கையெழுத்தில் உங்களை விடுவித்து எழுதி வாங்குங்கள். காகிதக்காரர் ஒருவேளை சம்மதிக்கலாம். வங்கி சம்மதிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நகை மனைவியுடையது என்பதால் அந்த 6 இலட்சத்தை இப்போது மனைவியின் பெயருக்கு மாற்றி எழுதினால் என்ன என்று யாராவது யோசனை சொல்வார்கள். மனைவி பங்குதாரர் இல்லை. அவர் நிஜமாகவே நிறுவனத்துக்குக் கடன் கொடுத்திருந்தால் அது வெளிக்கடன், உங்கள் கடனுக்கு முன்னால் நிற்கும். ஆனால் உங்கள் புத்தகம் உங்கள் பெயரைச் சொல்கிறது. இப்போது திருத்தினால் மொத்தக் கணக்கும் நம்பகம் இழக்கும். நீங்கள் செய்யாதீர்கள், அதே வேலையை அவர் செய்கிறாரா என்று கண் வையுங்கள். அவருடைய மனைவி பெயரில் திடீரென்று 3 இலட்சம் கடன் முளைத்தால், வெளிக்கடன் 15 ஆகும். உங்கள் கைக்கு வரும் 8 இலட்சம் 5 ஆகச் சுருங்கும். அப்படி ஒரு பெயர் வந்தால் பணம் எந்தத் தேதியில் எந்த வங்கிக் கணக்கு வழியாக வந்தது, முந்தைய ஆண்டுகளின் இருப்பு நிலைக் குறிப்பில் அந்தக் கடன் இருக்கிறதா என்று இரண்டையும் கேளுங்கள். உண்மையான கடன் என்றால் இரண்டுக்கும் பதில் இருக்கும். புத்தகத்தில் ஏறாத நிஜமான கடனும் இருக்கும்: ஜி.எஸ்.டி. பாக்கி, ஆட்களின் சம்பளம், மின்கட்டணம். இவற்றையும் வெளிக்கடனில் சேர்த்த பிறகுதான் பாகம் பேச வேண்டும்.

கலைப்பை ஊருக்கு அறிவிக்காமல் விடுவது அடுத்த ஆபத்து. பொது அறிவிப்பு வரும்வரை, நிறுவனத்தின் பெயரில் அவர் செய்யும் கொள்முதலுக்கு நீங்களும் பொறுப்பு என்கிறது 45ஆம் பிரிவு. பதிவு செய்த நிறுவனம் என்பதால் பதிவாளருக்கு அறிவிப்பு, அரசிதழ், ஒரு தமிழ் நாளிதழ் மூன்றும் வேண்டும். இதற்குக் காத்திராமல் இன்றைக்கே வங்கிக்கு எழுதி, இனி இருவர் கையெழுத்து இல்லாமல் ஓ.டி.யில் பணம் எடுக்க முடியாதபடி செய்யுங்கள். கலைப்புத் தேதியையும் எழுத்தில் நிலைநிறுத்துங்கள். கணக்குக் கேட்டு வழக்குத் தொடுக்க அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டுதான் காலவரையறை. 'பேசிக்கொண்டிருக்கிறோம்' என்று அந்த மூன்று ஆண்டையும் கோட்டைவிட்டவர்கள் உண்டு.

வழக்குப் போட்டால் என்ன கிடைக்கும்? பத்திரத்தில் நடுவர் தீர்ப்பு ஷரத்து இருந்தால் முதலில் அங்கே போக வேண்டும். இல்லையென்றால் நீதிமன்றம் முதல்நிலைத் தீர்ப்பாணை பிறப்பித்து, கணக்குப் பார்க்கக் கமிஷனரை நியமிக்கும். அதற்குள் ஓ.டி.க்கு வட்டி ஓடும், அட்டையில் ஈரம் ஏறும், மெஷின் துருப்பிடிக்கும். 8 இலட்சத்துக்குப் போகும் மெஷின் 5க்குப் போனால் அந்த நட்டத்தில் பாதி உங்களுடையது. அவரால் கட்ட முடியாவிட்டால் மீதிப் பாதியும் உங்கள் தலையில்தான். நீங்கள் துரத்துவதோ அவரிடமிருந்து வர வேண்டிய 3 இலட்சத்தை.

ஆகவே சமரசம் செய்யுங்கள். இருவரும் சேர்ந்து வங்கிச் சம்மதத்தோடு எல்லாவற்றையும் விற்று, வெளிக்கடன் 12 இலட்சத்தையும் தீர்த்து, மிஞ்சும் 8 இலட்சத்தை நீங்கள் எடுத்துக்கொள்வது என்று எழுதுங்கள். அவருடைய 3 இலட்சத்தில் ஒன்றோ ஒன்றரையோ கையெழுத்து நாளன்றே ரொக்கமாகக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். பின்தேதிக் காசோலை வாங்காதீர்கள். மெஷின் அவருக்கே வேண்டும் என்றால், 8 இலட்சத்தை ஓ.டி. கணக்கில் கட்டட்டும், வங்கி கணக்கை முடித்து எழுதிக் கொடுத்த பிறகு மெஷினை அவர் எடுத்துக்கொண்டு போகட்டும்.