ஆய்வுச் சுருக்கத்திலும் பொருளடக்கத்திலும் வாதம் தெரிய வேண்டும்: சேலம் வரலாற்று மாணவர்களுடன் கேள்வி பதில்

அஸ்தம்பட்டி மாணவி: மேடம், என் எம்.ஏ. ப்ராஜெக்ட் 1937 சேலம் மதுவிலக்கு பற்றியது. சுருக்கம் இப்படி ஆரம்பிக்குது: "இவ்வாய்வு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு அமலானதை விரிவாக ஆராய்கிறது. முதல் இயல் முன்னுரையாக அமைகிறது. இரண்டாம் இயல் சேலத்தின் வரலாற்றைக் கூறுகிறது." நெறியாளர் "வாதம் எங்கே?"ன்னு கேட்கிறார்.

நீங்க எழுதியிருப்பது பொருளடக்கத்தின் உரைநடை வடிவம். முதல் வாக்கியத்தில் "மதுவிலக்கு அமலானதை" என்பதை எடுத்துவிட்டு "மேட்டூர் அணை கட்டப்பட்டதை" என்று போட்டுப் பாருங்க. வாக்கியம் அப்படியே நிற்கும். அதனால்தான் அதில் வாதம் இல்லை என்கிறார்.

உங்க கையில் இருக்கும் செய்திகளிலேயே ஒரு முரண் இருக்கு. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மட்டும் தொடங்கினார்கள். 1938இல் சித்தூரும் கடப்பையும் சேர்ந்தன, 1939இல் வட ஆற்காடு. அதே 1939இல் விற்பனை வரிச் சட்டம் வந்தது. குடி தீமை என்ற நம்பிக்கை மட்டுமே காரணமென்றால் சென்னை மாகாணம் முழுக்க ஒரே நாளில் போட்டிருக்கலாமே? இந்தக் கேள்வியிலிருந்துதான் சுருக்கம் பிறக்கணும். ஐந்து வாக்கியம் போதும்:

"1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, பெரும்பாலும் ராஜாஜியின் தனிப்பட்ட நம்பிக்கையின் விளைவாகவே சொல்லப்படுகிறது. அந்த நம்பிக்கை ஏன் மாவட்டம் மாவட்டமாக மட்டுமே நகர்ந்தது என்பது இவ்வாய்வின் கேள்வி. மதுவிலக்கு பரவிய வேகத்தைத் தீர்மானித்தது, கலால் வருவாய் இழப்பை ஈடுகட்ட வழி கிடைத்ததா என்பதே என இவ்வாய்வு வாதிடுகிறது. சட்டமன்ற விவாதங்களையும் கலால் துறை ஆண்டறிக்கைகளையும் சேர்த்துப் படித்து, 1938, 1939 விரிவாக்கங்களும் விற்பனை வரியும் ஒரே நிதிக் கணக்கைச் சேர்ந்தவை என்று காட்டுகிறது. கள் இறக்கியவர்களின் குரல் இந்த ஆவணங்களில் அதிகாரிகள் வழியாகவே வருவதால், அவர்கள் அனுபவம் பற்றி இவ்வாய்வு முடிவு சொல்லவில்லை."

மூன்றாம் வாக்கியத்தை யாராவது மறுக்க முடியும். மறுக்கவே முடியாத வாக்கியம் வாதம் ஆகாது. ஆனா அதை என் சொல்லுக்காக எடுத்துக்காதீங்க. உங்க கோப்புகள் வேறு காரணத்தைக் காட்டினால் அந்த வாக்கியம்தான் முதலில் மாறணும். கடைசி வாக்கியத்தை நிறைய பேர் பயந்து விட்டுவிடுவாங்க. எல்லையை நீங்களே சொல்லிட்டா வைவாவில் அதே கேள்வி உங்களை மடக்காது.

ஆத்தூர் மாணவர்: சுருக்கம் எத்தனை சொல் இருக்கணும்?

உங்க துறை விதிப்புத்தகத்தில் இருக்கும் அளவு. அதில் இல்லையென்றால் ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல், அதிகபட்சம் 250 முதல் 300 சொல்.

அஸ்தம்பட்டி மாணவி: பொருளடக்கம் இப்போ இப்படி: 1. முன்னுரை (பக்கம் 1), 2. சேலத்தின் புவியியலும் வரலாறும் (9), 3. ராஜாஜி வாழ்க்கை (31), 4. மதுவிலக்கு (52), 5. முடிவுரை (67).

தலைப்பை விடுங்க, பக்க எண்ணைப் பாருங்க. இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து 43 பக்கம், மதுவிலக்குக்கு 15. திருத்துபவர் ஒரு வரி படிக்கும் முன்பே ப்ராஜெக்ட் எதைப் பற்றியது என்று இந்த எண்கள் சொல்லிவிடும். இரண்டாம் இயலில் சேலம் பெயர்க்காரணம், சைலம், சேரலம் எல்லாம் கட்டாயம் இருக்கும். அது எதையும் நிரூபிக்கப் போவதில்லை, எடுத்துடுங்க.

இப்படி மாத்திப் பாருங்க: 1. ஏன் ஒரு மாவட்டம் மட்டும்? 2. கள்ளுக்கடை ஏலமும் மாகாணக் கஜானாவும், 1937 வரை. 3. சேலத்தில் முதல் ஆண்டு, 1937–38. 4. நான்கு மாவட்டங்களும் ஒரு புது வரியும், 1938–39. 5. நம்பிக்கையும் வருவாயும். ராஜாஜி வாழ்க்கையில் மதுவிலக்கைத் தொடும் பகுதி மட்டும் மூன்றாவதில் இரண்டு பக்கமாக உட்காரும். மூன்றும் நான்கும் சேர்ந்து மொத்தத்தில் பாதிக்கு மேல் வரணும்.

ஓமலூர் ஆசிரியர்: மேடம், இதை ஏத்துக்க முடியல. வரலாற்று ஆய்வில் தலைப்பு நடுநிலையா இருக்கணும். தலைப்பிலேயே தீர்ப்பு சொன்னா முன்முடிவோடு எழுதினதா தேர்வாளர் நினைப்பார்.

பாதி சரி, ஐயா. "மதுவிலக்கு என்னும் நிதி நாடகம்" என்று வைத்தால் நானும் அடிக்கோடு போடுவேன். ஆனால் "கள்ளுக்கடை ஏலமும் மாகாணக் கஜானாவும்" தீர்ப்பு சொல்லவில்லையே. எந்த இரண்டு விஷயம் மோதுகிறது என்று மட்டும் காட்டுகிறது. "மதுவிலக்கு" என்ற ஒற்றைச் சொல் நடுநிலை இல்லை, அதில் செய்தியே இல்லை.

ஓய்வுபெற்ற பேராசிரியை, ஃபேர்லேண்ட்ஸ்: நான் ஓமலூர்க்காரர் பக்கம். வெளித்தேர்வாளர் சிலர் முன்னாய்வுகள் தனி இயலாக இல்லையென்றால் மதிப்பெண்ணைக் குறைப்பாங்க. பழைய சட்டகத்தை மாணவியைத் தனியா உடைக்கச் சொல்றீங்க.

விதியில் இருந்தால் வைத்துத்தான் ஆகணும், அம்மா. அப்போதும் அதை "முன்னாய்வுகள்" என்று விடாமல் "மதுவிலக்கை எழுதியவர்கள் எதைக் கேட்கவில்லை" என்று வைக்கலாம்.

ஓமலூர் ஆசிரியர்: அதுவும் தீர்ப்புதான்.

முன்னாய்வுகளைப் படித்து முடித்த பிறகு ஒருவர் சொல்லக்கூடிய தீர்ப்பு. இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் போல. மாணவி தன் நெறியாளரிடம் இரண்டு வடிவத்தையும் காட்டட்டும்.

ஏற்காடு: எங்க தாத்தா காலத்து எஸ்டேட் போட்டோ நிறைய இருக்கு. சேர்வராயன் மலைக் காபி பற்றி எழுதறேன். கலெக்டர் காக்பர்ன் காபி கொண்டுவந்ததில் ஆரம்பிக்கலாமா? போட்டோவைப் பொருளடக்கத்தில் எங்கே போடறது?

படங்களுக்குப் பொருளடக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் தனிப் பட்டியல் போடுங்க. காக்பர்ன் 1820களில் சேலம் கலெக்டர். ஏற்காடு பற்றி எழுதுகிற எல்லோரும் அவரிலிருந்துதான் தொடங்குறாங்க, அதனால் அந்த வரி உங்க வாதத்தைக் காட்டாது. காபி வந்தபோது அந்த மலையின் மலையாளிப் பழங்குடி மக்களின் நிலம் என்ன ஆனது, எஸ்டேட்டுக்குக் கூலியாள் எங்கிருந்து வந்தார்கள், இரண்டில் ஒன்றைக் கேள்வியாக எடுங்க. உங்க போட்டோவில் வேலையாட்கள் இருந்தால் இரண்டாவது. பெயர்க்காரணப் பத்தி இங்கேயும் வேண்டாம்.

சங்ககிரி: சுருக்கம் எத்தனை பக்கம், எத்தனை சொல்?

மேலே ஆத்தூர் மாணவருக்குச் சொன்னதுதான்.

எடப்பாடி: வேர்டில் பொருளடக்கப் பக்க எண் மாறவே மாட்டேங்குது.

இயல் தலைப்புகளுக்கு Heading 1 கொடுத்திருக்கணும். பிறகு Ctrl+A, F9, "Update entire table". தலைப்பு நீளமென்று நடுவில் Shift+Enter தட்டியிருந்தால் அந்த முறிவு பொருளடக்கத்திலும் வரும். அதை அழித்துவிடுங்க.

மேச்சேரி: அடிக்குறிப்பு சுருக்கத்தில் வரலாமா? சொல் வரம்பு என்ன?

அடிக்குறிப்பு வேண்டாம். வரம்பை மூன்றாவது முறையாகக் கேட்கிறீங்க. மேலே இருக்கு.

அஸ்தம்பட்டி மாணவி: மேடம், ஒண்ணு சொல்லணும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நான் பார்த்தது 1937, 1938 விவாதங்கள் மட்டும். விற்பனை வரி பற்றி நேரா எதுவும் படிக்கல. சமர்ப்பிக்க மூணு வாரம்தான் இருக்கு.

அப்படியானால் நான் எழுதிக் கொடுத்த நான்காம் வாக்கியம் உங்களுடையதில்லை, எடுத்துடுங்க. ப்ராஜெக்ட் தலைப்பிலேயே ஆண்டை 1937–38 என்று சுருக்குங்க. கேள்வி "ஏன் மாவட்டம் மாவட்டமாக" என்பதிலிருந்து "ஏன் சேலம் முதலில்" என்று மாறும். அதற்கு நீங்க பார்த்த விவாதங்களில் உறுப்பினர்கள் சொன்ன காரணங்களை வரிசைப்படுத்துங்க: வருவாய், நிர்வாக வசதி, ராஜாஜிக்கு இந்த மாவட்டத்தோடு இருந்த பழைய தொடர்பு. எது அதிகம் பேசப்பட்டது, எது பதில் இல்லாமல் விடப்பட்டது என்பதிலிருந்து மூன்றாம் வாக்கியத்தைப் புதிதாக எழுதுங்க. நான்காம் இயல் போய், மூன்றாவது இரண்டாகப் பிரியும். விற்பனை வரி, முடிவுரையில் "அடுத்துப் பார்க்க வேண்டியது" என்று ஒரு பத்தி. திருத்திய சுருக்கத்தை மட்டும் அனுப்புங்க, பார்க்கிறேன்.