கனடா வேலை: முன்பணம் கேட்கும் ஏஜெண்ட்

"கனடா வேலைக்கு வெளிநாட்டு ஆளை எடுக்க முதலாளி வாங்க வேண்டிய எல்எம்ஐஏ ஒப்புதல் ரெடி, தன்னிடம் குடியேற்ற ஆலோசகர் லைசென்ஸ் நம்பரும் இருக்கு என்கிறார் ஏஜெண்ட். பாதிப் பணம் இப்போதே வேண்டுமாம். கட்டலாமா?"

இப்போதைக்குக் கட்டாதீர்கள். நம்பர் அசலாக இருக்கலாம், ஆனால் அது அவருடையதுதானா? வேறொரு ஆலோசகரின் நம்பரைத் தன் விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்வது பழகிப்போன மோசடி. college-ic.ca தளத்தில் குடியேற்ற ஆலோசகர்களின் பதிவேடு இருக்கிறது. அந்த நம்பரைத் தேடினால் அது யார் பெயரில் இருக்கிறது, உரிமம் நடப்பில் உள்ளதா என்று தெரியும். அப்புறம்தான் முக்கியமான வேலை. பதிவேட்டில் உள்ள தொடர்பு விவரத்தை எடுத்து, "இன்னார் உங்களுக்காக வேலை செய்கிறாரா?" என்று நேரடியாகக் கேளுங்கள். ஏஜெண்ட் தந்த எண்ணுக்கு அழைத்தால் அவருடைய ஆளே எடுத்து "ஆமாம்" என்பார்.

சரி, பதில் சாதகமாக வந்தால், கேட்கும் தொகை எதெதற்கு என்று எழுதி வாங்குங்கள். அதில் "எல்எம்ஐஏ கட்டணம்" என்று ஒரு வரி இருந்தால் விலகிவிடுங்கள். பணியிடத்துக்கு 1000 கனேடிய டாலரான அந்தக் கட்டணம் முதலாளி கட்ட வேண்டியது. தொழிலாளியிடம் அதை வசூலிக்கவே கூடாது.

கடைசியாக, அந்த ஆலோசகரை IMM 5476 படிவத்தில் தன் பெயரையும் உறுப்பினர் எண்ணையும் நிரப்பித் தரச் சொல்லுங்கள். பிரதிநிதியை அரசுக்குத் தெரிவிக்கும் படிவம் அது. அதில் பெயர் போடத் தயங்குபவரிடம் பணம் கொடுக்க வேண்டாம்.