பழைய ஆஸ்பத்திரி ரெக்கார்டு: எப்படி எழுதிக் கேட்பது?

“டாக்டர், ஒன்றரை வருடத்துக்கு முன் அப்பாவுக்கு (வயது 68) கோட்டயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது தேனியில் குடலிறக்க ஆபரேஷனுக்கு முன் அங்கேயிருந்து முழு ரெக்கார்டும் வாங்கி வரச் சொல்கிறார்கள். அப்பாவால் அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய்வர முடியாது. மகள் நான் கேட்டால் கொடுப்பார்களா? கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?”
– வாசகி, வண்டிப்பெரியாறு

கொடுப்பார்கள். நோயாளியோ, அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. உள்நோயாளி ரெக்கார்டை சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருடம் வைத்திருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

கடிதத்தை மெடிக்கல் சூப்பரிண்டெண்ட் பெயருக்கு எழுதி, மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் கொடுங்கள். கவுண்டரில் இருப்பவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் போகலாம். ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ எழுதுவது நல்லது. அப்பாவின் பெயர், வயது, ஐ.பி. நம்பர், சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் ஆன தேதி எல்லாம் பழைய பில்லில் இருக்கும். பெயரைப் பில்லில் உள்ளபடியே எழுதுங்கள். பெரும்பாலும் சிக்கல் வருவது இங்கேதான். ஆதாரில் ‘பி. முருகையா’, அங்கே ‘முருகன் பி.’ என்று இருந்தால் தேடுபவருக்குக் கிடைக்காது, கிடைத்தாலும் கொடுக்கத் தயங்குவார். ‘இரண்டு பெயரும் ஒருவருடையதே’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

‘முழு ரெக்கார்டு’ என்று மட்டும் கேட்டால் டிஸ்சார்ஜ் சம்மரியை ஜெராக்ஸ் எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதனால் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்: கேஸ் ஷீட், ஆஞ்சியோ ரிப்போர்ட், ஆஞ்சியோ சி.டி., எக்கோ, ஈ.சி.ஜி., ஸ்டென்ட் ஸ்டிக்கரின் நகல். அந்தச் சின்ன ஸ்டிக்கரில்தான் ஸ்டென்ட்டின் வகையும் அளவும் இருக்கும். வகை, வைத்த தேதி, எந்த ரத்தக்குழாய் என்பதெல்லாம் தெரிந்தால்தான் மயக்க மருந்து டாக்டரால் ஆபரேஷனுக்கு நாள் குறிக்க முடியும்.

காரணத்தை ‘சொந்தத் தேவைக்கு’ என்று எழுதாதீர்கள். கேஸ் போடப் போகிறார்களோ என்று சந்தேகப்பட்டு, ஃபைலை வக்கீல் வரை அனுப்பி நாளைக் கடத்துவார்கள். இப்படி எழுதலாம்: “தேனியில் நடக்கவுள்ள குடலிறக்க ஆபரேஷனுக்கு முன் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளை நிறுத்தலாமா என்று முடிவுசெய்ய, சிகிச்சை செய்யும் டாக்டர் கேட்டுள்ளார்.” அவருடைய லெட்டர்பேடில் ஒரு சீட்டு வாங்கி இணைத்தால் கேள்வி குறையும்.

அப்பா கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் கட்டாயம் வேண்டும். கைநாட்டு என்றால் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடட்டும். அப்பாவின் ஆதார் நகலையும் உங்கள் ஆதார் நகலையும் உறவுக்கான சான்றோடு வையுங்கள். கல்யாணமான மகள் பெயர் அப்பாவின் ரேஷன் கார்டில் இருக்காது. அப்பா பெயர் போட்ட உங்கள் பள்ளிச் சான்றிதழ் போதும்.

கடிதம் இரண்டு பிரதி இருக்கட்டும். ஒன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் 72 மணி நேரத்தை எதிலிருந்து கணக்கிடுவீர்கள்? அசல் அவர்களிடமே இருக்கும், உங்களுக்கு நகல்தான். ஜெராக்ஸுக்குப் பணம் கேட்கலாம். சி.டி.யை அங்கேயே கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், காலியாக இருந்தால் மறுபடியும் மலை இறங்க வேண்டியிருக்கும்.

ரெக்கார்டு வரும்வரை ஆஸ்பிரின், குளோபிடோகிரல் போன்ற மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்தால் அது மாரடைப்பு.