கொம்பு கோர்த்த மரைகள்

"ஹோர்டன் சமவெளியில் பட்டிப்பொல வாசல் பக்கம் இரண்டு ஆண் மரை முட்டிக்கொண்டதை வீடியோ எடுத்தேன். ஒன்று திடீரென்று ஓடிவிட்டது, இரத்தமே இல்லை. சும்மா விளையாட்டா?"

விளையாட்டு இல்லை, சண்டைதான். ஆனால் குத்திக் கொல்வதற்கில்லை, யாருக்குப் பலம் அதிகம் என்று தள்ளிப் பார்ப்பதற்கு. பக்கத்தில் எங்காவது பெட்டை நின்றிருக்கும்.

மரைக் கொம்பில் வழக்கமாக மூன்று முனை. அந்தக் கிளைகள் எதிரியின் கொம்பைத் தடுத்துப் பிடித்துக்கொள்வதால் கூர் முகத்துக்கு வராது, அப்புறம் கழுத்தும் பின்னங்காலும்தான் வேலை செய்யும். பின்னால் சறுக்கிக்கொண்டே போகிறவனுக்குத் தோல்வி புரிந்துவிடும், கொம்பை விடுவித்துக்கொண்டு ஓடுவான். ஜெயித்தவனும் கொஞ்ச தூரம் விரட்டிவிட்டு நின்றுவிடுவான், மேலும் மல்லுக்கட்டினால் அவனுக்கும் காயம்தானே.

வீடியோவை முதலிலிருந்து ஓட்டிப் பாருங்கள். முட்டுவதற்கு முன் இரண்டும் பக்கவாட்டில் உடம்பைக் காட்டி நடந்தால் அது அளவெடுப்பது. உருவத்தில் பெரிய வித்தியாசம் இருந்தால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். சமமான இரண்டுதான் முட்டும்.

எப்போதும் காயமில்லாமல் முடியும் என்று சொல்ல மாட்டேன். ஒருவன் வழுக்கினால் விலாவில் கொம்பு ஏறலாம், அபூர்வமாகக் கொம்புகள் சிக்கி இரண்டும் மாட்டிக்கொள்ளும். அப்படிக் கண்டால் கிட்டப் போகாமல் வனஜீவராசி அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.