ஊழியர்களுக்குக் கம்பெனி தரும் ஈசாப் பங்குகள்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: போன மாதம் கம்பெனி 2,000 ஆப்ஷன்களுக்கு கிராண்ட் லெட்டர் கொடுத்தது. இந்த வருட ரிட்டர்னில் எங்கே காட்டுவது?

எங்கேயும் வேண்டாம். ஆப்ஷன் கொடுக்கும் கிராண்டுக்கு வரி இல்லை, அதைப் பயன்படுத்தும் உரிமை வரும் வெஸ்டிங்குக்கும் இல்லை. குறித்த விலையைக் கட்டி எக்சர்சைஸ் செய்து பங்கு உங்கள் கைக்கு வரும்போதுதான் வருமான வரி உங்களைத் தேடி வரும். லெட்டரை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: ஈசாப் பங்குகளை விற்றேன். எவ்வளவு வரி?

இவ்வளவுதான் கடிதம்! எப்போது எக்சர்சைஸ், என்ன விலை, லிஸ்டான கம்பெனியா, எதுவும் இல்லை. நல்லவேளை, இரண்டு நாள் கழித்து எழுதிய இரண்டாவது கடிதத்தில் விவரம் இருந்தது. லிஸ்டான இந்தியக் கம்பெனி, 1,000 பங்கு, எக்சர்சைஸ் விலை 100 ரூபாய். 2024 ஆகஸ்டில் எக்சர்சைஸ் செய்து பங்கு வந்த அன்று சந்தை மதிப்பு 600. 2025 அக்டோபரில் 750-க்கு விற்றிருக்கிறார். "வாங்கியது 100, விற்றது 750, லாபம் ஆறரை லட்சம், சரிதானே?" என்று கேட்கிறார்.

சரியில்லை. இந்தத் தவறை எத்தனை முறை திருத்தினாலும் வந்துகொண்டே இருக்கிறது. 600-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசமான 5 லட்சத்தை எக்சர்சைஸ் அன்றே பெர்க்விசிட்டாக, அதாவது சம்பளத்தோடு வரும் சலுகையாக, சம்பளத்தில் சேர்த்து, கம்பெனி டி.டி.எஸ். பிடித்துவிட்டது. 30 சதவீத ஸ்லாபில் செஸ் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டியாயிற்று. அதே 5 லட்சத்துக்கு இன்னொரு முறை ஏன் கட்ட வேண்டும்? விற்கும்போது உங்கள் அடக்க விலை 600. சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

ஆக லாபம் ஒன்றரை லட்சம். பங்கு ஒதுக்கிய நாளிலிருந்து 12 மாதம் தாண்டியதால் அது நீண்டகால லாபம். ஒன்றேகால் லட்சம் வரை விலக்கு, மீதி 25,000-க்கு பன்னிரண்டரை சதவீதம். செஸ்ஸோடு 3,250 ரூபாயில் முடிந்துவிடும். அவர் கணக்கின்படி போயிருந்தால் 68,000 கட்டியிருப்பார்.

தவறு எங்கே தொடங்குகிறது என்றால், புரோக்கர் அறிக்கையில். ஈசாப் பங்குகள் சந்தையில் வாங்காமல் நேரடியாக டீமேட்டுக்கு வருவதால், வாங்கிய விலை என்ற இடத்தில் பல சமயம் பூஜ்ஜியமோ 100-ஓ நிற்கும். நம்மாட்கள் அதை அப்படியே ரிட்டர்னில் ஏற்றிவிடுகிறார்கள். புரோக்கருக்கு உங்கள் பெர்க்விசிட் எப்படித் தெரியும்? எக்சர்சைஸ் செய்த வருடத்தின் பாரம் 16-ஐயும் அதோடு வரும் பெர்க்விசிட் விவரப் படிவமான 12பிஏ-வையும் எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள பெர்க்விசிட்டைப் பங்கு எண்ணிக்கையால் வகுத்து, எக்சர்சைஸ் விலையைக் கூட்டினால் 600 வர வேண்டும். வராவிட்டால் முதலில் கம்பெனியின் பேரோல் ஆட்களைக் கேளுங்கள், அப்புறம் ரிட்டர்ன் போடுங்கள்.

கேள்வி: எக்சர்சைஸ் அன்று 900 இருந்த பங்கு இப்போது 400. கட்டிய வரி திரும்புமா?

திரும்பாது. விற்றால் பங்குக்கு 500 மூலதன நஷ்டம். அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது, மூலதன லாபத்தில் மட்டும்தான். ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட்டால் 8 வருடம் கொண்டுபோகலாம்.

கேள்வி: லிஸ்டாகாத ஸ்டார்ட்-அப்பில் இருந்து விலகுகிறேன். 90 நாளில் 3,000 ஆப்ஷன்களை எக்சர்சைஸ் செய்ய வேண்டுமாம். விலை 10 ரூபாய்தான், பங்குக்கு மெர்ச்சன்ட் பேங்கர் கணக்கிட்ட மதிப்பு 400. ஸ்டார்ட்-அப்புக்கு வரியைத் தள்ளிப்போடலாம் என்கிறார்களே?

30,000 ரூபாய்தானே என்று நினைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். மெர்ச்சன்ட் பேங்கர் மதிப்பு 400 என்கிறீர்கள். அப்படியானால் பெர்க்விசிட் 11.7 லட்சம், வரி சுமார் மூன்றரை லட்சத்துக்கு மேல். கையில் கிடைப்பதோ உடனே விற்க முடியாத பங்கு. தள்ளிப்போடும் சலுகை எல்லா ஸ்டார்ட்-அப்புக்கும் கிடையாது. அரசு அங்கீகாரம் மட்டும் போதாது, வரிவிலக்குக்கான தனிச் சான்றிதழ் கம்பெனியிடம் இருக்க வேண்டும். இருந்தாலும் உங்களுக்குப் பயனில்லை. வேலையை விட்டாலே அந்தச் சலுகை முடிந்து வரி கட்டும் நேரம் வந்துவிடும். வாங்க ஆள் இருக்கிறதா, கம்பெனி பங்கைத் திரும்ப வாங்கிய வரலாறு உண்டா என்று விசாரித்துவிட்டு, முழுதாக வேண்டாம், கொஞ்சமாக எக்சர்சைஸ் செய்யுங்கள்.

கேள்வி: அமெரிக்கத் தாய்க் கம்பெனியின் பங்குகள் வைத்திருக்கிறேன். இன்னும் விற்கவில்லை. ரிட்டர்னில் காட்ட வேண்டுமா?

கட்டாயம். வெளிநாட்டுச் சொத்துகளுக்கான ஷெட்யூல் எஃப்.ஏ.-வில், அதுவும் நிதியாண்டுக்கு அல்ல, ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கான விவரம். அங்கே லிஸ்டான பங்காக இருந்தாலும் இங்கே 24 மாதம் வைத்திருந்தால்தான் நீண்டகாலம். அதற்கு முன் விற்றால் உங்கள் ஸ்லாப்தான். அடக்க விலை விஷயத்தில் மேலே 600-க்குச் சொன்னதேதான் உங்களுக்கும்.