டிப்ஸ் விற்பவரிடம் செபி பதிவு இருக்கிறதா? கேள்வி பதில்

பங்குத் தரகு அலுவலகம் ஒன்றில் 14 வருடம் பேக் ஆபீஸ் வேலை பார்த்தவன் நான். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியிடம், பங்கு டிப்ஸ் விற்பவர் பதிவு பெற்றிருக்கிறாரா என்று எப்படிப் பார்ப்பது எனப் போன வாரம் கேட்டவர்களுக்கெல்லாம் இங்கே ஒன்றாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

சேலம், ஜவுளிக் கடைக்காரர்: வாட்ஸ்அப்பில் ஒருவர் செபி சான்றிதழ் அனுப்பியிருக்கிறார் சார். INH என்று தொடங்கும் நம்பர் இருக்கிறது. நம்பலாமா?

சான்றிதழ் படத்தை ஓரமாக வையுங்கள். முத்திரை, கையெழுத்து, செபி சின்னம் எல்லாவற்றையும் யாரும் அரை மணி நேரத்தில் தயாரித்துவிடலாம். அதில் உங்களுக்குத் தேவைப்படுவது அந்த நம்பர் மட்டும்தான்.

அவர் அனுப்பும் லிங்கைத் தொடாமல் sebi.gov.in என்று நீங்களே டைப் செய்து உள்ளே போங்கள். Intermediaries பகுதியில் செபியிடம் பதிவு பெற்றவர்களின் பட்டியல்கள் வகைவாரியாக இருக்கும். INH என்றால் Research Analyst பட்டியல், INA என்றால் Investment Adviser பட்டியல். இந்த மூன்று எழுத்துக்கு அப்புறம் 9 இலக்கம் வர வேண்டும். நம்பரைப் போட்டுத் தேடினால் பெயர், முகவரி, ஈமெயில், போன், பதிவு செல்லுபடியாகும் காலம் எல்லாம் வரும். அந்தப் பக்கத்தை மூடாமல் வைத்துக்கொண்டு அடுத்த பதிலையும் படியுங்கள்.

கோவை, ஐடி ஊழியர்: இதை நான் எப்போதோ செய்ய ஆரம்பித்துவிட்டேன். நம்பர் பட்டியலில் இருந்தால் அதோடு சரி, ஏமாற வழியே இல்லை. மற்றவர்கள் எப்படி ஏமாறுகிறார்கள் என்றுதான் புரியவில்லை.

நீங்கள் சொல்வது பாதிதான் சரி தம்பி. என் சித்தப்பா மகனுக்கும் இப்படி ஒரு சான்றிதழ் வந்தது. நம்பரைத் தேடினோம், பட்டியலில் இருந்தது. பெயரும் பொருந்தியது. 18,000 ரூபாய் அனுப்பத் தயாராகிவிட்டான்.

கொஞ்சம் நிதானமாகப் பார்த்தபோதுதான் இடித்தது. பட்டியலில் இருந்த ஈமெயில் அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தின் பெயரில் இருந்தது. இவனுக்கு வந்ததோ ஒரு ஜிமெயில் முகவரி. போன் நம்பரும் வேறு. பணம் போட வேண்டிய யுபிஐ ஐடி சம்பந்தமே இல்லாத ஒரு தனிநபர் பெயரில் இருந்தது. பட்டியலில் இருந்த நம்பருக்கே கூப்பிட்டோம். எடுத்தவர் அலுத்துப்போன குரலில், "இந்த வாரம் இதைக் கேட்கிற நாலாவது ஆள் நீங்கள். எங்கள் பெயரை எவனோ பயன்படுத்துகிறான்" என்றார்.

நம்பர் நிஜம், அதைக் காட்டிய ஆள்தான் போலி. இப்போது நான் பார்க்கும் மோசடிகளில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான். பதிவு எண் ஊரறிந்த விஷயம், யார் வேண்டுமானாலும் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். அதனால் உங்களோடு பேசுகிறவரும் பட்டியலில் இருப்பவரும் ஒரே ஆள்தானா என்பதைப் பார்க்க வேண்டும். அதற்கு, பட்டியலில் உள்ள நம்பருக்கு நீங்களாகக் கூப்பிட்டு, "இந்த நம்பரிலிருந்து பேசுகிறவர் உங்கள் ஆளா?" என்று கேட்பதுதான் நேர்வழி.

நாகர்கோவில், இல்லத்தரசி: எங்கள் ஏஜென்ட் ARN என்று ஒரு நம்பர் கொடுத்தார். நீங்கள் சொன்ன பட்டியலில் தேடினேன், வரவே இல்லை. பயமாக இருக்கிறது அண்ணா.

பயப்படாதீர்கள்மா, நீங்கள் தேடிய இடம்தான் வேறு. ARN என்பது மியூச்சுவல் ஃபண்ட் விற்பனையாளருக்கு, ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி கொடுக்கும் எண். அதை amfiindia.com தளத்தில் தேட வேண்டும். ஆனால் அதே ஏஜென்ட் "இந்தப் பங்கை வாங்குங்கள், மாசம் இவ்வளவு கட்டணம்" என்று ஆரம்பித்தால் அதற்கு ARN உதவாது. என்.ஐ.எஸ்.எம். தேர்வுச் சான்றிதழும் அப்படித்தான். அது பரீட்சையில் தேறியதற்கான சான்று, பதிவு இல்லை.

திருச்சி, கல்லூரி மாணவர்: நான் சேர நினைக்கும் கோர்ஸில் "கல்விக்காக மட்டும்" என்று போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் பதிவு தேவையில்லைதானே?

உண்மையிலேயே பாடம் மட்டும் நடத்தினால் தேவையில்லை. வகுப்புக்கு நடுவே "இந்தப் பங்கு, இந்த விலைக்கு வாங்கு, இங்கே ஸ்டாப்லாஸ்" என்று வந்தால் அது டிப்ஸ்தான், மேலே என்ன பெயர் எழுதியிருந்தாலும். 2023 அக்டோபரில் 'பாப் ஆஃப் சார்ட்' என்ற பெயரில் இயங்கியவர்மீது செபி இடைக்கால உத்தரவு போட்டு 17.2 கோடி ரூபாயை முடக்கச் சொன்னது. கல்வி என்ற பெயரில், பதிவு இல்லாமல் பங்குப் பரிந்துரை செய்தார் என்பதுதான் அங்கே குற்றச்சாட்டு.

ஈரோடு, ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஆள் சரியானவர் என்றே வைத்துக்கொள்வோம். பணம் போகும் கணக்கு அவருடையதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நல்ல கேள்வி ஐயா. 2025 அக்டோபர் முதல் இதற்கு ஒரு வசதி வந்திருக்கிறது. பதிவு பெற்றவர்களுக்கு @valid என்ற சொல்லும் அதையொட்டி வங்கியின் பெயரும் வரும் யுபிஐ ஐடி கொடுக்கப்படுகிறது. பணம் அனுப்பும் திரையில் பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் உயர்த்திய படம் தெரியும். வங்கிக் கணக்குக்கு அனுப்புவதானால், செபி தளத்திலும் செபியின் சாரதி செயலியிலும் உள்ள SEBI Check பக்கத்தில் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சியையும் போட்டுச் சரிபார்க்கலாம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். valid என்ற சொல் @ குறிக்குப் பின்னால் வர வேண்டும். முன்னால் எவனும் எதையும் எழுதிக்கொள்ளலாம்.

மதுரை, ஓட்டல் உரிமையாளர்: எங்கள் ஆளின் நம்பர், போன் எல்லாம் பொருந்துகிறது. மாசம் 5 சதவீதம் உறுதி என்கிறார். டிரேடிங் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுத்தால் அவரே பார்த்துக்கொள்வாராம். சேரலாமா?

வேண்டாம் அண்ணே. பதிவு பெற்றவர் லாபத்துக்கு உத்தரவாதம் தரவே கூடாது. பாஸ்வேர்டை வாங்கி உங்கள் கணக்கில் வியாபாரம் செய்வதும் அவருக்கு அனுமதித்த வேலை இல்லை. உரிமம் இருக்கிற டிரைவரும் குடித்துவிட்டு ஓட்டலாம், இல்லையா? கட்டணத்தையும் பாருங்கள். நிலையான கட்டணம் என்றால் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 1,51,000 ரூபாய்தான் உச்சவரம்பு. லாபத்தில் பங்கு கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

தஞ்சாவூர், பெயர் வேண்டாம் என்றவர்: நான் 40,000 கட்டிவிட்டேன். இன்றைக்குத்தான் தேடினேன், பட்டியலில் அப்படி ஒருவரே இல்லை. SCORES தளத்தில் புகார் கொடுத்தால் பணம் வருமா?

SCORES என்பது செபியின் புகார்த் தளம், அது பதிவு பெற்றவர்கள் மீதான புகாருக்கு. உங்கள் ஆள் அதற்குள் வரமாட்டார். முதலில் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், இதை மேலே படிப்பதைக்கூட அப்புறம் வைத்துக்கொள்ளலாம். பிறகு cybercrime.gov.in தளத்தில் புகார் பதியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் முடக்கினால்தான் ஏதாவது மிஞ்சும். வரும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. சாட், ரசீது எதையும் அழித்துவிடாதீர்கள்.

கோவை ஐடி ஊழியர், மறுபடியும்: சரி, ஈமெயில், போனை ஒத்துப்பார்க்காதது என் தப்புதான். ஆனால் நான் பார்க்கும் டெலிகிராம் சானல் முழுக்க இலவசம். டீமேட் கணக்கைத் தன் லிங்க் வழியாகத் திறக்கச் சொல்வார், அவ்வளவுதான். காசு வாங்காதவருக்குப் பதிவு எதற்கு?

லிங்க் வழியாக நீங்கள் கணக்கு திறந்தால் தரகு நிறுவனத்திலிருந்து அவருக்குக் கமிஷன் போகும். யார் கையிலிருந்து வந்தாலும் அது டிப்ஸுக்கு வந்த கூலிதான் என்பது என் கருத்து.

கோவை: கணக்கு திறக்க வைத்ததற்குத்தானே கமிஷன், டிப்ஸுக்கு இல்லையே?

அப்படி வாதாட இடமிருக்கிறது என்று என் வக்கீல் நண்பரும் சொல்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. இப்போதைக்கு அது அப்படியே இருக்கட்டும்.