அறைத்தோழி கவுன்சிலிங் போகிறாள். நான் என்ன செய்ய?

கேள்வி: நானும் என் தோழியும் கோவையில் ஒரே ஹாஸ்டல் அறையில் தங்கி வேலைக்குப் போகிறோம். இரண்டு வாரமாக அவள் ஆன்லைனில் கவுன்சிலிங் எடுக்கிறாள். அதை அவளே சொன்னாள், காரணம் சொல்லவில்லை. கேட்டால் துருவுகிற மாதிரி ஆகிவிடும், கேட்காவிட்டால் அக்கறை இல்லாத மாதிரி. நான் எப்படி நடந்துகொள்வது?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: என்ன பேசுவது என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த அறையைக் கவனியுங்கள். ஒரு செஷன் பெரும்பாலும் 45 முதல் 50 நிமிடம் நடக்கும். அந்த நேரத்தில் நீங்கள் கட்டிலில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு படுத்திருந்தால்கூட அவளால் மனம்விட்டுப் பேச முடியாது. யாராவது காதில் வாங்கிவிடுவார்களோ என்ற நினைப்பிலேயே பாதி நேரம் போய்விடும். "வியாழக்கிழமை ஏழு மணிக்குத்தானே உனக்கு? நான் அப்போ கீழே மெஸ்ஸுக்குப் போயிடறேன், எட்டரைக்கு வர்றேன்" என்று ஒருமுறை சொல்லி, வாராவாரம் அப்படியே செய்யுங்கள். பக்கத்து அறைப் பெண்கள் சார்ஜர் கேட்டுக் கதவைத் தட்டாமல் பார்த்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

ஏழு மணி செஷன் எட்டுக்குள் முடிந்துவிடுமே, எட்டரை எதற்கு? முடிந்த கையோடு முகம் கழுவவும், கொஞ்ச நேரம் சும்மா உட்காரவும் அவளுக்கு அவகாசம் வேண்டும். அழுது முகம் வீங்கியிருக்கலாம், தலை வலிக்கலாம், பேசவே பிடிக்காமல் இருக்கலாம். முதல் ஓரிரு செஷன்களில் பெரும்பாலும் குடும்பம், வேலை, தூக்கம், பழைய சம்பவங்கள் என்று விவரம்தான் கேட்பார்கள். அடக்கி வைத்திருந்ததெல்லாம் மேலே வருவதால், ஆரம்ப வாரங்களில் சிலருக்கு முன்பைவிட மனசு கனமாகவே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "இதுக்குப் போய் இன்னும் டல்லாயிட்டியே, விட்டுடேன்" என்று சொல்லிவிடாதீர்கள். கவுன்சிலர் தனக்குச் சரிப்படவில்லை என்று அவளுக்குத் தோன்றினால், அதை அவரிடமே சொல்லலாம், வேறொருவரிடமும் மாறலாம். அதை முடிவு செய்ய வேண்டியது அவள்தான்.

நீங்கள் திரும்பி வந்ததும் "இன்னிக்கு என்ன சொன்னாங்க?" என்பதுதான் வாயில் வரும். "சாப்பிட்டியா? தோசை வாங்கிட்டு வந்திருக்கேன்" போதும். ஒரே ஒரு தடவை, செஷன் இல்லாத ஒரு நாளில், "இதைப் பத்தி நான் கேட்டா உனக்கு நல்லா இருக்குமா, கேட்காம இருந்தா நல்லா இருக்குமா?" என்று அவளிடமே கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் விஷயம் அதோடு முடிந்தது. பிறகு என்றைக்காவது அவளாகவே சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அப்போது "உங்க கவுன்சிலர் சொன்னது சரியில்லையே" என்று தீர்ப்பு சொல்லக் கிளம்ப வேண்டாம். அவள் அரைகுறையாகச் சொன்னதைத்தானே நீங்கள் கேட்டிருப்பீர்கள்!

அடுத்தது, நல்ல மனசுக்காரர்கள் செய்கிற தப்பு. அவளுக்குப் போனில் பேசப் பயம் என்று வைத்துக்கொள்வோம். கேஸ் சிலிண்டர் புக் பண்ணுவது, வார்டனிடம் லீவு சொல்வது எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடுகிறீர்கள். அன்றைக்கு அவளுக்கு நிம்மதிதான். ஆனால் பயப்படுகிற காரியத்தைத் தவிர்க்கத் தவிர்க்க அந்தப் பயம் வளரும். வாரத்துக்கு இரண்டு போன் காலாவது அவளே பேச வேண்டும் என்று கவுன்சிலர் பயிற்சியே கொடுத்திருக்கலாம், அது உங்களுக்குத் தெரியாது. அதனால் "நான் பேசட்டுமா, நீயே பேசுறியா?" என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அறையைப் பெருக்குகிற முறையும் கரண்ட் பில்லில் பாதியும் வழக்கம்போல அவளுக்கும் உண்டு. அவள் ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டால் எப்போதும்போலத் திட்டுங்கள். சினிமாவுக்குக் கூப்பிடுங்கள், வரவில்லை என்றால் அடுத்த வாரமும் கூப்பிடுங்கள். அவள் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் குரலைத் தாழ்த்தினால், தான் நோயாளி ஆகிவிட்டோமோ என்றுதான் அவளுக்குத் தோன்றும்.

ஊரிலிருந்து அவள் அம்மா உங்களுக்கு போன் போட்டு "ஏம்மா, அவ நல்லாத்தானே இருக்கா?" என்று கேட்கக்கூடும். அம்மாவுக்குக் கவுன்சிலிங் பற்றித் தெரியுமா என்று தோழியிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தெரியாது என்றால் "சாயந்திரம் அவளையே பேசச் சொல்றேம்மா" என்பதோடு நிறுத்துங்கள்.

இத்தனைக்கும் ஒரு விலக்கு உண்டு. வாழ்ந்து என்ன பயன் என்று பேசினாலோ, தனக்குப் பிடித்த பொருட்களைக் காரணமில்லாமல் பிறருக்குக் கொடுத்தாலோ, விடைபெறுகிற மாதிரி செய்தி அனுப்பினாலோ, "தற்கொலை எண்ணம் வருதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். மாத்திரை, கயிறு போன்றவற்றைக் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 கட்டணமில்லாதது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, அவள் வீட்டுக்கும் சொல்லுங்கள். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்று அவள் கேட்டாலும், இதற்கு மட்டும் சத்தியம் செய்யாதீர்கள்.